32 எங்கிருந்து வந்தது? 9/5 எங்கிருந்து வந்தது?

தம்பிக்குக் காய்ச்சல். வீட்டிலுள்ள மின்னணு வெப்பமானியை அவனது அக்குளில் வைக்கிறீர்கள். திரையில் 100.4 என்று வருகிறது. பதற வேண்டாம், யாரோ பொத்தானை அழுத்தி அளவை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆனால் இது செல்சியசில் எத்தனை?

பள்ளியில் படித்த சூத்திரம் நினைவிருக்கும்:

F = C × 9/5 + 32

மனப்பாடம் செய்த பலருக்கு 9/5-ஐ எங்கே போடுவது, 5/9-ஐ எங்கே போடுவது என்ற குழப்பம் தேர்வு அறையில் வந்துவிடும். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் குழப்பமே வராது.

ஒரே கண்ணாடிக் குழாய், உள்ளே பாதரசம். உருகும் பனிக்கட்டியில் வைத்து ஒரு கோடு போடுங்கள். கொதிக்கும் நீரில் வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள தூரம் ஒன்றுதான். அதைச் செல்சியஸ் அளவு 0 முதல் 100 வரை நூறு துண்டுகளாக்குகிறது. ஃபாரன்ஹீட் அளவு 32 முதல் 212 வரை, அதாவது 180 துண்டுகளாக்குகிறது. நூறு பெரிய துண்டுகளும் 180 சிறிய துண்டுகளும் ஒரே தூரம் என்றால், ஒரு பெரிய துண்டுக்கு 180/100 சிறிய துண்டுகள். சுருக்கினால் 9/5. அவ்வளவுதான். 32 என்பது துண்டின் அளவைப் பற்றியதல்ல. எண்ணத் தொடங்கும் இடம் வேறு என்பதால் வருவது.

டேனியல் ஃபாரன்ஹீட் 1724இல் தம் அளவை வெளியிட்டபோது கொதிநீரைத் தொடக்கமாக எடுக்கவில்லை. பனிக்கட்டியும் உப்பும் கலந்த கடுங்குளிர்க் கலவைக்கு 0, பனிக்கட்டி நீருக்கு 32, மனித உடலுக்கு 96 என்று வைத்தார். 96-இலிருந்து 32-ஐக் கழித்தால் 64. அதைப் பாதி, பாதியாக ஆறு முறை பிரித்தால் சரியாக 1 டிகிரி கிடைக்கும். கையால் கோடு கீறுபவருக்கு வசதியான எண்! பின்னாளில் கொதிநிலையை 212 என்று உறுதியாக வைத்து அளவைத் திருத்தினார்கள். அதனால்தான் 180 என்ற முழு எண் கிடைத்தது, 9/5 தோராயமாக இல்லாமல் துல்லியமாக அமைந்தது. 1742இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் கொதிநிலையை 0, உறைநிலையை 100 என்று தலைகீழாக வைத்திருந்தார் என்பது வேடிக்கை. அதைப் பிறகுதான் திருப்பினார்கள்.

இப்போது தம்பியிடம் வருவோம். முதலில் தொடக்கப் புள்ளியைச் சரி செய்ய வேண்டும்: 100.4 − 32 = 68.4. இவை சிறிய துண்டுகள். பெரிய துண்டுகளாக மாற்றினால் எண்ணிக்கை குறையும், எனவே 5/9-ஆல் பெருக்க வேண்டும்: 68.4 × 5/9 = 38. செல்சியசில் 38 டிகிரி, காய்ச்சல்தான்.

“இரண்டால் பெருக்கி 30 சேர்த்தால் போதும்” என்று சிலர் சொல்வார்கள். 10 டிகிரிக்கு அது சரி, 50 வரும். ஆனால் 38-க்கு 106 என்று வரும்! உண்மையில் 100.4 இருக்கும்போது 106 என்றால் வீட்டில் எவ்வளவு பதற்றம்? மனக்கணக்கு வேண்டுமா, இதைச் செய்யுங்கள்: இரண்டால் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 சேர்க்கவும். 38-இன் இருமடங்கு 76, அதில் 7.6 போனால் 68.4, 32 சேர்த்தால் 100.4. இது தோராயமல்ல, 2-இலிருந்து பத்தில் ஒரு பங்கு போனால் 1.8, அதுவே 9/5.

இன்னொரு இடத்தில் பெரியவர்களும் தடுக்கி விழுகிறார்கள். “வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது” என்பதை ஃபாரன்ஹீட்டில் எழுதச் சொன்னால், கணிப்பானில் 2 என்று தட்டி 35.6 என்று எழுதிவிடுவார்கள். சோதித்துப் பாருங்கள். 30 டிகிரி செல்சியஸ் என்பது 86 ஃபாரன்ஹீட். 32 டிகிரி என்பது 89.6. வேறுபாடு 3.6தான். உயர்வு என்பது இரண்டு அளவீடுகளின் வித்தியாசம். கழிக்கும்போது இரு பக்கத்திலும் உள்ள 32 அடிபட்டுப் போய்விடும், 9/5 மட்டும் மிஞ்சும். ஆகவே வெப்பமானி காட்டிய எண்ணுக்கு 32-ஐச் சேருங்கள், “இத்தனை கூடியது, இத்தனை குறைந்தது” என்பதற்குச் சேர்க்காதீர்கள்.

கணக்குச் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. −40-ஐச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: −40 × 9/5 = −72, அதனுடன் 32 சேர்த்தால் மீண்டும் −40. இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் அது ஒன்றுதான். சூத்திரத்தைத் தலைகீழாக எழுதிவிட்டோமா என்ற சந்தேகம் வந்தால், −40 வேண்டாம், அது எந்தத் தவற்றையும் காட்டிக்கொடுக்காமல் போகலாம், 100-ஐப் போடுங்கள். 212 வரவில்லை என்றால் எங்கோ பிசகு.