பிறந்தநாள் பலூன் பெக்கேஜ்: விளம்பரத்தில் எழுத வேண்டிய விலையும் முன்பதிவு நாளும்

புறக்கோட்டையில் பலூன், ரிப்பன், சோடனைச் சாமான்கள் மொத்தமாக விற்கும் கடை என்னுடையது. என்னிடம் சாமான் எடுப்பவர்களில் கணிசமானோர் தத்தமது ஊர்களில் பிறந்தநாள் மேடை போட்டுக்கொடுக்கும் இளைஞர்கள். அவர்கள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போடும் விளம்பரங்கள் எனக்கும் வந்து சேரும். அழகான ஒரு படம், அதன் கீழே "பெக்கேஜ் 22,000 ரூபாவிலிருந்து, முன்பதிவுக்கு அழையுங்கள்" என்று ஒரு வரி. படத்தில் தெரிவதில் எது எது அந்த விலைக்குள் அடங்கும், எத்தனை நாளைக்கு முன்பு சொல்ல வேண்டும் என்பது மட்டும் அதில் இராது. இத்தொழிலில் நட்டம் உள்ளே வரும் வழி இதுதான்.

மாவனெல்லைப் பக்கமிருந்து வரும் தம்பி ஒருவர் இதே 22,000 ரூபா விளம்பரத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எட்டடிப் பின்திரை, அதைச் சுற்றி பத்தடி நீளமான பலூன் வளைவு, பிள்ளையின் பெயர்ப் பலகை, கேக் மேசை. மாதம் நான்கைந்து ஓடர் கிடைத்தும் கையில் காசு நிற்பதில்லை என்றார். கடையில் உட்கார்ந்து இருவரும் கணக்கைப் போட்டுப் பார்த்தோம்.

அந்த வளைவுக்குப் பெரிதும் சிறிதுமாக ஏறக்குறைய 120 பலூன் போகும். ஊதும்போது உடைவதையும் கட்டிய பின் மாற்ற வேண்டியதையும் சேர்த்து 150 எடுக்க வேண்டும். சராசரியாக ஒன்று 25 ரூபாப்படி 3,750. டேப், நைலோன் நூல், பசை 600. பெயர்ப் பலகை 2,500. வேன் வாடகை 4,000. ஆக 10,850. மிகுதி 11,150 ரூபாவையும் இலாபம் என்றே அவர் நினைத்திருந்தார்.

அதில் மூன்று செலவுகள் விடுபட்டிருந்தன. முதலாவது கூலி. ஆரம்பத்தில் தம்பிமார் இருவர் சும்மா உதவி செய்தார்கள். ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார், மற்றவருக்குப் பரீட்சை. இப்போது இரண்டு பேருக்கு ஆளுக்கு 3,000 கொடுக்க வேண்டும். இரண்டாவது, விழா முடிந்த பின் கழற்றி எடுத்துவரும் செலவு. இரவு பத்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டுவார்கள், அதற்கு முன் வேன் திரும்பவும் போக வேண்டும், அது 2,500. மூன்றாவது பின்திரையின் தேய்மானம். 45,000 ரூபாவுக்கு வாங்கிய திரையும் இரும்புச் சட்டமும் முப்பது விழாவுக்குத் தாங்கும் என்று வைத்தாலும் விழாவொன்றுக்கு 1,500. எல்லாம் சேர்த்தால் 20,850 ரூபா. ஒரு நாள் முழுவதும் ஓடியாடியதற்கு அவருக்கு மிஞ்சியது 1,150 ரூபா. இவை அவரது ஊர்க் கணக்கு. உங்கள் ஊரில் தொகைகள் மாறலாம், ஆனால் விடுபடும் செலவுகள் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்.

விலையைக் கூட்டினால் ஓடர் போய்விடும் என்று அவர் பயந்தார். நான் அவரிடம் கேட்டது வேறு: சனிக்கிழமை ஒன்றில் எத்தனை மேடை போட உங்களால் முடியும்? மூன்று என்றார். மணித்தியாலக் கணக்கைப் பார்த்தால் ஒன்றுதான் முடியும்.

காரணம் பலூனின் குணம். றப்பர் பலூனை முதல் நாளே ஊதி வைக்க முடியாதா என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். வெயிலும் காற்றும் பட்டால் சில மணித்தியாலங்களிலேயே அதன் மினுமினுப்புப் போய், மேலே மாப் பூசியதுபோல் மங்கிவிடும். குளிரூட்டிய அறையில் முட்ட ஊதியதை வெளியே எடுத்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெடிக்கும். கறுப்பு, கடும் நீலம் போன்ற நிறங்கள் சூட்டை இழுப்பதால் முதலில் வெடிப்பவை அவைதான். பன்னிரண்டு அங்குலப் பலூனைப் பத்து அங்குலத்தோடு நிறுத்துவது இதற்காகவே. காட்போட் பெட்டியில் பத்து அங்குல ஓட்டையொன்று வெட்டி, ஒவ்வொன்றையும் அதற்குள் விட்டுப் பார்த்தால் அளவு பிசகாது. கட்டி முடித்த பத்தடி வளைவை வேனில் ஏற்றிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் கொண்டுபோவதும் நடக்கிற காரியமல்ல. இடத்துக்குப் போய்த்தான் ஊத வேண்டும்.

மின் பம்பி இருந்தாலும் இரண்டு பேர் 120 பலூனை ஊதி முடிச்சுப் போட இரண்டு மணித்தியாலம் வரை எடுக்கும். வளைவு கட்டி, திரை நிறுத்தி, மேசை வைக்க இன்னும் இரண்டு. மாலை நான்கு மணி விழாவுக்குப் பதினொரு மணிக்காவது மண்டபத்தின் கதவு திறக்க வேண்டும். பிறந்தநாள் செவ்வாயில் வந்தாலும் விழாவை வார இறுதிக்குத் தள்ளுவதுதான் நம்மவர் வழக்கம். ஆகவே எல்லோரும் கேட்பது அதே சனி, ஞாயிறு பின்னேரங்களை. ஒரு குழுவை வைத்திருப்பவரிடம் விற்பதற்கு மாதத்தில் எட்டு அல்லது பத்துப் பின்னேரங்களே உண்டு. அதில் ஒன்றை 1,150 ரூபாவுக்குக் கொடுப்பதைவிட வீட்டில் இருப்பது மேல்.

முன்பதிவு நாளையும் இதை வைத்தே தீர்மானிக்க வேண்டும். வார நாளில், கையிருப்பில் உள்ள நிறங்களில் என்றால் மூன்று நாள் போதும். வார இறுதிக்குப் பத்து நாள் வேண்டும். குறிப்பிட்ட நிறம் கேட்டால் இரண்டு வாரம் சொல்லுங்கள். மொத்த வியாபாரியாக இதை நான் அடித்துச் சொல்வேன். ஒரே நிறப் பெயரில் வரும் இரு கம்பனிகளின் பலூன்கள் பக்கத்தில் வைத்தால் ஒன்றாக இரா. பாதியில் தீர்ந்து வேறு பைக்கற் வாங்கினால் படத்தில் அது பளிச்செனத் தெரியும். பெருநாளை ஒட்டிய வாரங்களிலும் டிசம்பர் விடுமுறையிலும் இன்னும் ஒரு வாரத்தைக் கூட்டிக்கொள்வது நல்லது.

பெயர்ப் பலகைதான் அதிகம் சண்டை வரும் இடம். ஆயிஷா என்ற பெயரையே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள். தொலைபேசியில் கேட்டு வெட்டக் கொடுத்தால் பிழைக்கு நீங்களே பொறுப்பு. தாயோ தந்தையோ எழுத்தில் அனுப்பிய பின்பே வெட்டக் கொடுக்க வேண்டும்.

தம்பி இப்போது போடும் விளம்பரம் இப்படி இருக்கிறது: "பெக்கேஜ் 28,000 ரூபா. எட்டடித் திரை, பத்தடிப் பலூன் வளைவு, பெயர்ப் பலகை, கேக் மேசை, கழற்றி எடுத்தல் அடங்கும். பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால் வேன் வாடகை தனி. படத்திலுள்ள பூக்கள் இதில் அடங்கா. வார இறுதிக்குப் பத்து நாள் முன்பதிவு. பாதிப் பணம் கிடைத்த பின்பே திகதி உறுதி. ஏழு நாளுக்கு முன் அறிவித்தால் ஒரு தடவை திகதி மாற்றலாம், பெயர்ப் பலகைக் காசு திரும்பாது." படம் அவரே போட்ட மேடையின் படம். இணையத்தில் எடுத்த வெளிநாட்டுப் படத்தைப் போட்டால் அதே பூ, அதே விளக்கு எங்கே என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

அதே செலவுக்கு இப்போது 7,150 ரூபா மிஞ்சுகிறது. மாதம் ஐந்தாக இருந்த ஓடர் நான்காகியிருக்கிறது. அதையிட்டு அவர் கவலைப்படவில்லை.

விளம்பரத்தின் அடியில் இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னேன்: இவ்விலை எந்தத் திகதி வரை என்பது. 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபா மட்டத்திலிருந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டியபோது எங்கள் சாமான்களின் விலையும் கூடவே ஏறியது. ஆனால் முந்திய வருடத்து விளம்பரங்கள் வட்ஸ்அப் குழுக்களில் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தன. பழைய விலையைக் காட்டி மேடை கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்தவர்கள் பலர் என் கடைக்கு வருகிறார்கள்.