ஆறு மணிக்கா, எட்டு மணிக்கா?

சென்னைக் கரையில் கடல் ஏற்றமும் வற்றமும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏறக்குறைய 1 மீட்டர்தான் வித்தியாசப்படும். அதனால் என்ன என்று கேட்கலாம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்ட துறைமுகத்தில் அந்த ஒரு மீட்டர்தான் எல்லாமே.

ஓத அட்டவணை வரைபடத்தில் கிடைக்கோடு நேரம், செங்குத்துக்கோடு நீர்மட்டம். அந்த உயரம் கடல் தரையிலிருந்து அளந்ததல்ல. கடல் வரைபடம் காட்டும் ஆழத்தோடு கூட்ட வேண்டியது. பலர் சறுக்குவது இங்கேதான்.

ஒரு கணக்கு போடுவோம். முகத்துவாரத்தில் வரைபட ஆழம் 1.2 மீட்டர். ஐஸும் டீசலும் ஏற்றிய படகு 1.5 மீட்டர் நீரில் அமிழும். அலையில் படகு குத்தி இறங்குமே, அதற்கு 0.5 மீட்டர் விடுங்கள். ஆக, 2 மீட்டர் வேண்டும், ஓதம் 0.8 மீட்டர் தர வேண்டும்.

வளைகோட்டில் அதிகாலை 2 மணிக்கு 0.2, காலை 8 மணிக்கு 1.0. நீர் ஒரே சீராக ஏறாது. தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக, நடுவில் வேகமாக ஏறும். 0.8-இல் கிடையாக ஒரு கோடு இழுத்தால், அது வளைகோட்டை 6 மணிவாக்கிலும், மறுபடி 10 மணிவாக்கிலும் வெட்டும்.

நான்கு மணி நேரமும் ஒன்றல்ல. 6 முதல் 8-க்குள் தரைதட்டினால் ஏறும் நீரே படகைத் தூக்கிவிடும். 8-க்குப் பிறகு தட்டினால் அடுத்த ஏற்றம்வரை மணலில்தான். வெளியேறும் நீரோட்டம் எதிரலையோடு மோதி, முகத்துவார அலையைச் செங்குத்தாக்கவும் செய்யும்.

காற்று, கள்ளக்கடல், நேற்று புதிதாகச் சேர்ந்த மணல் எதுவும் அந்த வளைகோட்டில் இருக்காது.