சுண்டுவிரல் இடுக்கைப் பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலிலேயே நகர்ந்து ஆந்திரக் கரையைக் கடந்தது. மழை நின்ற பிறகும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கங்களில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. பால் பாக்கெட் வாங்கவும், கேன் தண்ணீர் தூக்கி வரவும், வயதானவர்களை வெளியேற்றவும் அந்தத் தண்ணீரில்தான் நடக்க வேண்டியிருந்தது. பாதாளச் சாக்கடையும் மழைநீரும் ஒன்றாகிவிட்ட தண்ணீர் அது. எண்ணூர்ப் பக்கத்தில் அதன்மேல் எண்ணெய்ப் படலமும் மிதந்தது. இப்படி நடந்து வீடு திரும்புகிறவர்களிடம் அன்றிரவே தொடங்குவது கால் அரிப்புதான்.

அரிப்பு வந்ததும் பலரும் மருந்துக் கடையில் ‘சேற்றுப்புண் களிம்பு’ கேட்கிறார்கள். சேற்றுப்புண் என்றால் காளான் தொற்று, காளானுக்குக் களிம்பு என்பது கணக்கு. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் அரிப்புக்குப் பெரும்பாலும் காளான் காரணமில்லை. தாய்லாந்தில் வெள்ளத்துக்குப் பிறகு நோயாளிகளைப் பார்த்த தோல் மருத்துவர்களும் காளானைவிட, ஊறலாலும் அழுக்கு நீராலும் வந்த தோல் அழற்சியையே அதிகம் கண்டார்கள்.

நடப்பது இதுதான். தோலின் மேலடுக்கு இறந்த செல்களாலும் அவற்றுக்கு இடையில் பூசியதுபோல் இருக்கும் கொழுப்பாலும் ஆனது. மணிக்கணக்கில் தண்ணீரில் நின்றால் அந்த அடுக்கு நீரை உறிஞ்சி உப்பி, வெளுத்து, சுருங்கி, மெத்தென்று ஆகிவிடும். சாக்கடை நீரில் கலந்த சோப்புத்தூளும் எண்ணெயும் கொழுப்பை அரித்துவிடும். அதன்மேல் ஈரச் செருப்பின் வார் உரசினால் தோல் உரிந்து எரியும். கால்விரல்களில் காற்றே புகாத இடம் நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே உள்ள இடுக்கு. அதனால் தோல் முதலில் வெடிப்பதும் அங்கேதான். விரலை விலக்கிப் பார்த்தால் வெள்ளையாக ஊறிய தோலும், அதன் நடுவே நூல் கனத்தில் ஒரு சிவப்புக் கீறலும் தெரியும். விலக்கிப் பார்க்காதவருக்கு அது இருப்பதே தெரியாது.

இந்தக் கட்டத்தில் வேண்டியது மருந்தைவிடக் காய்ச்சல்: காலை நன்றாகக் காய வைப்பது. வீட்டுக்குள் வந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு, ஒவ்வொரு விரலாக விலக்கிக் கழுவ வேண்டும். பழைய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, விசிறிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தால் போதும். வெளுத்த தோலைப் பிய்க்கக் கூடாது. முகப் பவுடரை இடுக்கில் கொட்டினால் அது ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உரசும். அதற்குப் பதில் விரல்களுக்கு நடுவே சிறு துண்டுத் துணியைச் செருகி வைக்கலாம். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவதென்றால் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் தடவ வேண்டும். நடவுக்கு இறங்கும் பெண்கள் காலில் எண்ணெய் தடவிக்கொள்வது இந்தக் கணக்கில்தான். ஊறி வந்த காலில் எண்ணெய் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். மறுநாளும் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் நேற்றைய ஈரச் செருப்பையே மாட்டாமல், காய்ந்த இன்னொரு ஜோடியை மாற்றிக்கொள்வது நல்லது. கம்பூட்ஸ் நல்லதுதான், ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் அதைக் கொட்டாமல் நடப்பது வெறுங்காலைவிட மோசம்.

இனி காயத்துக்கு வருவோம். ஒருவரை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். வேளச்சேரிப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர், ஐம்பத்தைந்து வயது, பத்து வருடமாகச் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். அரைநாள் தண்ணீரில் ஆட்டோவைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். “காலைக் கொஞ்சம் காட்டுங்க, என்ன இப்படி வெளுத்துக் கிடக்கு?” என்று மனைவி கேட்டுத் திருப்பிப் பார்த்தபோதுதான் உள்ளங்காலில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழிந்திருப்பது தெரிகிறது. கண்ணாடித் துண்டாக இருக்கலாம். அவருக்கு வலிக்கவே இல்லை. சர்க்கரை நோயில் கால் நரம்புகள் மரத்துப் போவதால், வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இவரைப் போன்றவர்கள் இருக்கவே முடியாது. வெள்ளக் காலத்தில் தினமும் இரவு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும், அல்லது தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் காலைக் காட்டிப் பார்க்க வேண்டும்.

அவர் கழுவ வேண்டிய தண்ணீர் எது? சம்ப்பில் வெள்ளநீர் புகுந்திருந்தால் குழாயில் வருவதும் அதே சாக்கடைதான். கொதித்து ஆறிய நீர் அல்லது மூடி உடைக்காத கேன் தண்ணீர் வேண்டும். உப்புக் கலக்க வேண்டிய அவசியமில்லை. குடிக்கத் தகுந்த தண்ணீர் காயம் கழுவவும் தகுந்தது. ஒரு லிட்டர் பாட்டிலின் மூடியில் ஊசியைக் காய்ச்சி ஒரு துளை போட்டு, பாட்டிலை அழுத்தினால் தாரையாகப் பீய்ச்சும். அழுக்கை வெளியே தள்ளுவது அந்த வேகம்தான். கழுவுகிறவர் முதலில் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். பிறகு காயத்தைச் சுற்றியுள்ள தோலைச் சோப்பால் சுத்தம் செய்துவிட்டு, காயத்துக்குள் ஐந்து நிமிடமாவது தாரை விட வேண்டும். ஐந்து நிமிடம் என்பது எல்லோரும் நினைப்பதைவிட நீளமானது. இரண்டு பாட்டில் தண்ணீர்கூட ஆகும். மேலாக ஒட்டிய மணலைச் சுத்தமான துணியால் துடைத்தெடுக்கலாம். ஆழமாகக் குத்தி நிற்கும் ஆணியையோ கண்ணாடியையோ பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போவதே சரி. ரத்தம் நிற்கவில்லை என்றால் சுத்தத் துணியை வைத்துப் பத்து நிமிடம், இடையில் எடுத்தெடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இதற்குமேல் காயத்தில் எதைப் போடுவது என்பதில்தான் நம் வீடுகளில் பெரிய ஆர்வம். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எல்லாமே கழுவி எடுத்த அழுக்குக்குப் பதில் புதிதாக ஒன்றை உள்ளே திணிப்பவை. டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவதும், நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவதும் கிருமியோடு சேர்த்து ஆறத் தொடங்கும் சதையையும் கொல்லும். எரிச்சல் எடுத்தால் மருந்து வேலை செய்கிறது என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். பொவிடோன் அயோடினை லேசாகத் தடவி, காஸ் துணியால் மூடிக் கட்டினால் போதும். கட்டைத் தினமும், நனைந்தால் உடனேயும் மாற்ற வேண்டும்.

ஆணி குத்தினால் எல்லோருக்கும் துரு ஞாபகம் வரும். டெட்டனஸ் துருவிலிருந்து வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமி, காற்றுப் படாத ஆழத்தில்தான் வளரும். ஆணியின் ஆபத்து அது போடும் குறுகலான, ஆழமான துளைதான். பளபளவென்ற புது ஆணியும் அதையே செய்யும். அழுக்கான காயம் என்றால், கடைசியாகப் போட்ட டி.டி. ஊசிக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இன்னொன்று போட வேண்டும். ஒவ்வொரு கீறலுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் தேவையில்லாதது. ஆனால் சிறுவயதில் தடுப்பூசி போட்டோமா என்பதே தெரியாதவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தடுப்பூசியோடு, உடனே வேலை செய்யும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படலாம்.

நம் ஓட்டுநர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார் என்றே வைப்போம். உள்ளங்கால் காயம் சுத்தமாக ஆறி வருகிறது. ஆனால் நான்காம் நாள் குளிர்நடுக்கம், புறங்காலில் சிவப்பு, தொட்டால் சுடுகிறது, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. கிருமி நுழைந்தது கட்டுப்போட்ட காயத்தின் வழியாக அல்ல, யாரும் விலக்கிப் பார்க்காத சுண்டுவிரல் இடுக்கு வெடிப்பின் வழியாக. காலில் வரும் செல்லுலைட்டிஸ் என்ற தோலடித் தொற்றுக்கு மிகச் சாதாரணமான நுழைவாயில் இதுதான். ஏற்கெனவே யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இதே வழியாகத்தான் அடிக்கடி காய்ச்சலும் சிவப்பும் வந்து, ஒவ்வொரு முறையும் வீக்கம் கொஞ்சம் கூடுகிறது.

சிவப்பு தெரிந்தால் அதன் விளிம்பைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வைக்கலாம். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால், காலோடு மேலே சிவப்புக் கோடு ஓடினால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் கோடு போட்டுக் காத்திருக்கவே வேண்டாம். பார்க்கச் சிறிதாக இருந்து வலி மட்டும் தாங்க முடியாமல் இருப்பதும், தோல் கருநீலமாகிக் கொப்புளம் எழுவதும் சதை அழுகத் தொடங்குவதன் அறிகுறி. அப்போது நேரே பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

காளானின் முறை வருவது பெரும்பாலும் தண்ணீர் வடிந்து ஒன்றிரண்டு வாரம் ஆன பிறகு. இடுக்கில் அரிப்பு நிற்காமல், தோல் செதிலாக உரிந்து, வாடை வீசி, புறங்காலில் விளிம்பு தடித்த வட்டமாகப் பரவினால் அது காளான்தான். க்ளோட்ரிமாசோல் களிம்பை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, காய்ந்த காலில், சுமார் நான்கு வாரம் தடவ வேண்டும். ஐந்தாம் நாளே அரிப்பு நின்றுவிடும், எல்லோரும் அங்கேதான் நிறுத்திவிட்டு மறுமாதம் திரும்ப வாங்குகிறார்கள். அதைவிடப் பெரிய கெடுதல், ஸ்டீராய்டு கலந்த ‘எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு’. இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிட்டு, அடியில் காளானைத் தழைக்க விடும் சரக்கு அது. குழாயில் அச்சிட்ட மருந்துப் பெயர்களில் க்ளோபிடாசோல், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

இன்னொன்று தோலில் தெரியாது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி இதே வெடிப்புகள் வழியாக உள்ளே போகும். பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாள் கழித்து, சிலருக்கு நான்கு வாரம் வரைகூடக் கழித்து, காய்ச்சலும் கெண்டைக்கால் சதையில் கடும் வலியும் கண் சிவப்பும் வரும். 2018 கேரள வெள்ளத்தின்போது மீட்புப் பணியில் இறங்கியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை அங்குள்ள சுகாதாரத் துறை முன்தடுப்பாகவே கொடுத்தது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஒத்துவராத மாத்திரை என்பதால் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. தெரு காய்ந்து, எல்லோரும் வெள்ளத்தை மறந்துவிட்ட பிறகு வரும் காய்ச்சல் இது. அப்போது மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்தத் தேதியில் எத்தனை நேரம் அந்தத் தண்ணீரில் நடந்தோம் என்பதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.