வேம்பு வாடியதற்குக் காரணம் தண்ணீர்

எங்கள் தெருவில் போன அக்டோபரில், முதல் மழை முடிந்ததும் 18 கன்று நட்டோம். வனத்துறை நாற்றங்காலில் வாங்கியவை: 9 வேம்பு, 9 புங்கன். இரண்டடிக்கு இரண்டடி குழி, ஆற்று மணலும் தொழுவுரமும் கலந்த மண், யார் என்றைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று எக்செல்லில் ஒரு பட்டியல். எல்லாம் சரியாகத்தான் செய்தோம்னு நினைச்சேன்.

பிப்ரவரியில் தெருவின் பள்ளமான கோடியில் இருந்த 4 வேம்பும் வாட ஆரம்பித்தன. அந்தப் பக்கம் ஒரு மாமியின் முறை. "மாமி, ஒரு நாள்கூட விடாம ஊத்தறீங்களா?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டுவிட்டேன். "வாடறதேன்னு ரெண்டு வேளையும் ஊத்தறேம்ப்பா" என்றார். அதுதான் பிரச்சினை.

ஒரு கன்றைத் தோண்டிப் பார்த்தேன். குழியின் அடியில் சேறு, சாக்கடை நாற்றம், வேர் நுனிகள் கறுத்து, தொட்டால் தோல் உரிந்து வந்தது. எங்கள் ஏரியா முன்பு வயல். அடியில் கெட்டிக் களிமண். அதில் குழி வெட்டி இளகிய மண்ணைப் போட்டால், அந்தக் குழி ஓட்டையில்லாத பக்கெட் மாதிரி. ஊற்றிய தண்ணீர் வெளியே போகாது. வேருக்குக் காற்றும் வேணும். அது கிடைக்காமல் வேர் அழுகினால், ஈரம் சுற்றி இருந்தும் அதை உறிஞ்ச முடியாது. அதனால் இலை வாடும். காய்ந்த கன்றும் இப்படித்தான் வாடும் என்பதால் பார்க்கிறவர் இன்னும் ஊற்றுவார். பக்கத்திலேயே இருந்த புங்கன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புங்கன் நீர் தேங்கினாலும் ஓரளவு தாங்கும், வேம்பு தாங்காது.

நடுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். குழி வெட்டியதும் நிறையத் தண்ணீர் விட வேண்டும். அது வடிந்ததும் சாயங்காலம் மறுபடி நிரப்பிவிட்டு, காலையில் பார்க்கணும். இன்னும் தேங்கி நின்றால் அது வேம்புக்கான இடமில்லை. புங்கனோ பூவரசோ வைக்கலாம். அதையும் குழிக்குள் தாழ்த்தாமல், தரையைவிட அரையடி உயர்ந்த மேட்டில் வைப்பது நல்லது. குழியின் பக்கச்சுவர் மண்வெட்டி பட்டு வழவழப்பாகிவிடும். கடப்பாரையால் அதைக் கொத்தி விட்டால்தான் வேர் வெளியே நுழையும்.

பட்டியலையும் மாற்றினேன். முன்பு அதில் 'ஊற்றியாச்சா' என்று ஒரே கட்டம். நான் கணக்கு வைத்தது பக்கெட்டை, ஈரத்தை இல்லை. இப்போது முறைக்காரர் ஒரு கம்பியை அரையடி ஆழம் குத்தி இழுக்க வேண்டும். ஈரமண் ஒட்டி வந்தால் 'ஈரம்' என்று எழுதிவிட்டுப் போகலாம், ஊற்றக் கூடாது. கம்பி காய்ந்து வந்தால் இரண்டு பக்கெட், மெதுவாக, தண்டை ஒட்டாமல் ஒரு அடி தள்ளி. தெருவின் மேட்டுப்பக்கம் கட்டட இடிபாடு கொட்டிய மண், அங்கே இரண்டு நாளுக்கு ஒருமுறை கேட்கிறது. பள்ளத்தில் ஏப்ரலிலும் வாரம் ஒருமுறை போதுமாக இருந்தது.

அந்த 4 வேம்பில் 3 போய்விட்டது. மிச்சம் ஒன்றைச் சுற்றி வாய்க்கால் வெட்டி வடிய விட்டதில், மே மாதம் அடித்தண்டிலிருந்து புதுத் துளிர். மாமியிடம் மன்னிப்பு கேட்டேன். இப்போது கம்பி அவர் வீட்டு கேட்டில்தான் தொங்குகிறது.