"நம்பர் குடுத்திருக்கேன், பேசிக்கோங்க"

மதுரையில் வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்கும் ஒரு பெண்மணி. கோவையில் உணவுப் பொருள் பேக்கிங்கில் பல வருட அனுபவமுள்ள ஒரு பொறியாளர். இருவரையும் தெரிந்த ஒருவர், பஸ் ஏறுகிற அவசரத்தில் பொறியாளருக்கு வாட்ஸ்அப்பில் இப்படித் தட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"அண்ணா, நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தங்க பொடி பிசினஸ் பண்றாங்க. பேக்கிங்ல ஏதோ டவுட்டாம். உங்க நம்பர் குடுத்திருக்கேன், பேசிக்கோங்க."

நல்ல மனசோடு அனுப்பியதுதான். ஆனால் என்ன டவுட், எவ்வளவு நேரம் ஆகும், காசு கொடுத்துக் கேட்கிறாரா, சும்மா கேட்கிறாரா? எதுவும் தெரியாது. நம்பர் ஏற்கெனவே கைமாறிவிட்டது. நீல டிக் விழுந்த பிறகு பேசாமல் இருந்தால் அந்தப் பெண்மணியை மட்டுமல்ல, அறிமுகம் செய்தவரையும் தட்டிக்கழித்ததாக ஆகும். "முடியாது" என்று சொல்ல இதில் எங்கேயும் இடமில்லை.

தொழில் வட்டாரங்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டு, இருவரும் சரி என்ற பிறகே சேர்த்துவைப்பது. நியூயார்க் முதலீட்டாளர் ஃப்ரெட் வில்சன் 2009-இல் இதைப் பற்றி எழுதினார். நம்மூரில் பெண் பார்க்கப் போகும் முன்பு தரகர் இரண்டு வீட்டிலும் தனித்தனியே பேசுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

முதலில் கேட்க வேண்டியது உதவி தேடுபவரிடம். அவருக்கு மறுக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். இருக்கிறது. பொறியாளர் கட்டணம் கேட்கலாம். பொடியில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்கலாம். பக்குவத்தை வெளியே சொல்ல அவருக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம். இவற்றை முன்கூட்டியே சொல்லி, "வேண்டாம்னா தயங்காம சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். சரி என்றால், பிரச்சினையை நாலே வரியில் அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போதுதான் "ஏதோ டவுட்" என்பது, "மூன்றாவது வாரத்திலேயே சிக்கு வாடை வருகிறது, கவரை மாற்றினால் தீருமா, எள்ளை வறுப்பதில் கோளாறா?" என்று கேள்வியாக உருவெடுக்கும்.

அதன் பிறகு பொறியாளருக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல். தலைப்பு: "ஒருவரை அறிமுகம் செய்யலாமா?"

"வணக்கம் அண்ணா. மதுரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இட்லிப் பொடி தயாரித்து விற்கிறார். அவருடைய கேள்வியைக் கீழே அவர் வார்த்தையிலேயே கொடுத்திருக்கிறேன். இருபது நிமிடம் போனில் பேசினால் போதும் என்கிறார். கட்டணம் உண்டென்றாலும் சம்மதம். உங்கள் நம்பரை அவருக்குத் தரவில்லை, பெயரும் சொல்லவில்லை. தோதுப்பட்டால் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், சேர்த்துவைக்கிறேன். இல்லாவிட்டால் பதிலே தேவையில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் இப்போது நேரமில்லை என்று புரிந்துகொள்வேன். மறுபடி கேட்க மாட்டேன்."

இந்த மடலின் உயிர் கடைசி நான்கு வாக்கியங்களில் இருக்கிறது. சம்மதத்துக்கு ஒரு வார்த்தை, மறுப்புக்கு அதுவும் வேண்டாம். நாள் குறித்திருப்பதால் மௌனமே பதிலாகிவிடுகிறது. பெயரைச் சொல்லாததும் முக்கியம். அவர் ஒதுங்கிக்கொண்டால், "நான் கேட்ட இடத்தில் இப்போதைக்குத் தோதுப்படவில்லை" என்று பெண்மணியிடம் சொல்லிவிடலாம். யார் மறுத்தார் என்ற மனத்தாங்கலுக்கே இடமில்லை.

இதைக் கெடுக்கும் வாக்கியங்களும் உண்டு. "நீங்க தட்ட மாட்டீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்", "எனக்காக இதை மட்டும் செய்யுங்க." கேட்கப் பாசமாகத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒன்று நுழைந்தாலும், மேலே எழுதிய மரியாதை எல்லாம் வெறும் ஒப்புக்கு என்றாகிவிடும். மறுக்கலாம் என்று எழுதிவிட்டு நாலாம் நாள் "பாத்தீங்களா அண்ணா?" என்று கேட்பதும் அப்படித்தான்.

"சரி" வந்துவிட்டால் இரண்டாவது மடல் இருவருக்கும் சேர்த்து. இது சின்னது. ஆளுக்கு ஒரு வரி அறிமுகம், பிறகு யார் முதலில் எழுத வேண்டும் என்ற குறிப்பு: "அக்கா, உங்களுக்கு வசதியான இரண்டு நேரங்களை அண்ணாவுக்கு எழுதுங்கள். இனி நீங்கள் இருவருமே பேசிக்கொள்ளலாம்." உதவி கேட்பவர்தான் முதலில் எழுத வேண்டும். அவர் பதில் எழுதும்போது அறிமுகம் செய்தவரின் முகவரியை BCC பகுதிக்கு மாற்றினால், அந்த ஒரு மடல் அவருக்குப் போய்ச் சேரும். அதன் பிறகு "ரிப்ளை ஆல்" கொடுத்தாலும் அவருடைய பெட்டி நிரம்பாது.

ரத்தம் தேவை, வழியில் வண்டி நின்றுவிட்டது என்பது போன்ற அவசரங்களுக்கு இந்த முறை ஆகாது. போனை எடுத்து நேரடியாகக் கேட்டுவிட வேண்டியதுதான்.

நம்பரை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், அந்த ஆளுக்கு இன்றே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: "கேட்காமல் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும். பேச இயலாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்."