திருச்சியில் எத்தனை பேர்?

உறையூரில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருப்பவரின் வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படி ஒரு செய்தி வரும்: “ஹாய் சார், எங்க சேனல்ல 18 ஆயிரம் ஃபாலோயர்ஸ் இருக்காங்க. கொலாப் பண்ணலாமா? ரேட்டுக்கு மெசேஜ் பண்ணுங்க.” அவர் பதில் போடுவதில்லை. போடாததற்குக் காரணம் உண்டு. பதினெட்டாயிரம் பேரில் எத்தனை பேர் பஸ் ஏறியோ வண்டியை எடுத்துக்கொண்டோ தன் கடைக்கு வந்து எண்ணெய் வாங்கக்கூடியவர்கள் என்பது அவருக்கு அந்தச் செய்தியிலிருந்து தெரியவில்லை. சேலத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் பார்த்து ரசித்தால் அவருடைய கல்லாவுக்கு என்ன வரும்?

சிறிய சேனல் நடத்துபவர்கள் உள்ளூர்க் கடைக்கு விளம்பர வீடியோ கேட்டு எழுதும்போது பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். பெரிய நிறுவனத்துக்கு மொத்தக் கூட்டம் போதும், அதன் பொருள் எல்லா ஊரிலும் கிடைக்கும். ஒரே ஒரு கடை வைத்திருப்பவருக்குத் தேவை வேறொரு எண். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, அதைச் செய்தியில் எப்படி வைப்பது, அதிலிருந்து கட்டணத்தை எப்படி வரவழைப்பது என்பதை ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. வழிமுறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு யூடியூபில் சமையல் வீடியோ போடும் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18,400 சந்தாதாரர்கள். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கிறது. பலகாரத்துக்கு எண்ணெய் விற்கும் காலம் என்பதால் உறையூர்ச் செக்குக் கடைக்கு எழுத நினைக்கிறார்.

முதலில் அவர் செய்ய வேண்டியது, கடைசியாகப் போட்ட பத்து வீடியோக்களும் முதல் முப்பது நாளில் எத்தனை முறை பார்க்கப்பட்டன என்று எழுதி, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவது. அதில் ஒரு மைசூர்பாகு வீடியோ மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போயிருக்கலாம். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பத்தொன்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனால் வரிசையின் நடுவில் நிற்கும் வீடியோவின் எண் 5,200. அடுத்த வீடியோவுக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இந்த நடு எண்தான். சராசரியைச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு ஐயாயிரத்தில் நின்றுபோனால், அந்தக் கடைத்தெருவில் வேறு யாரும் அவரை நம்ப மாட்டார்கள்.

5,200 என்பது பார்வைகளின் எண்ணிக்கை. ஒரே ஆள் இரண்டு முறை பார்த்தாலும் இரண்டாகத்தான் ஏறும். யூடியூப் ஸ்டுடியோவில் `Unique viewers` என்று தனியாக ஓர் எண் இருக்கிறது. தனித்தனி ஆட்கள் எத்தனை பேர் என்பதன் மதிப்பீடு அது. நம் உதாரணத்தில் 4,000 பேர். பிறகு `Advanced mode` திறந்து `Cities` என்ற பிரிவுக்குப் போனால் ஊர்வாரியாகப் பார்வைகள் தெரியும். திருச்சி 22 சதவீதம் என்று காட்டுகிறது. ஆக, முதல் மாதத்தில் வீடியோவைப் பார்க்கும் திருச்சிக்காரர்கள் ஏறக்குறைய 900 பேர்.

இந்த ஊர்க் கணக்கில் ஒரு குறை உண்டு. பார்ப்பவரின் இணைய முகவரியை வைத்துத்தான் பெரும்பாலும் ஊர் கணிக்கப்படுகிறது. மொபைல் டேட்டாவில் பார்ப்பவரின் இணைப்பு வேறொரு பெருநகரம் வழியாகப் போவதால், தில்லைநகரில் உட்கார்ந்திருப்பவரே சென்னைக் கணக்கில் விழலாம். சரிபார்க்க, சேனலின் சமூகப் பக்கத்தில் ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று ஒரு வாக்கெடுப்பு வைத்துப் பார்க்கலாம். அதில் திருச்சி முப்பது சதவீதம் வந்தாலும் கடைக்காரரிடம் 22 என்றே சொல்வது நல்லது. வாக்களிப்பவர்கள் சேனலோடு நெருக்கமானவர்கள், அவர்களில் உள்ளூர்க்காரர்கள் கூடுதலாக இருப்பது இயல்பு. இரண்டு எண்ணில் சிறியதைச் சொன்னவர் பிறகு எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வீடியோவைத் திறக்கிற எல்லோரும் கடையைப் பார்க்கப் போவதுமில்லை. எந்த நிமிடத்தில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று ஸ்டுடியோ ஒரு கோட்டுப் படம் காட்டும். பழைய வீடியோக்களில் மூன்றாம் நிமிடத்தில் அறுபது சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்றால், கடை வரும் பகுதியை முதல் மூன்று நிமிடத்துக்குள் வைத்துவிட வேண்டும். கடைசியில் வைத்தால் பாதிப் பேர் போயிருப்பார்கள். 4,000-இல் 22 சதவீதம் என்பது துல்லியமாக 880, அதில் அறுபது சதவீதம் சுமார் 530 பேர். பதினெட்டாயிரத்தில் தொடங்கியவர் 530-ல் வந்து நிற்கிறார். பலர் இங்கே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தளர வேண்டியதில்லை என்பதற்கு அடுத்த கணக்கைப் பார்க்க வேண்டும்.

அவருடைய வேலை என்ன? ஒரு நாள் கடையில் படப்பிடிப்பு, ஒரு நாள் வீட்டுச் சமையல், ஒன்றரை நாள் எடிட்டிங். 6,000 ரூபாய்க்குக் குறைந்தால் அவருக்குக் கட்டாது. 530 பேருக்கு 6,000 என்றால் தலைக்குப் பதினொரு ரூபாய் சொச்சம். பேப்பருக்குள் வைத்து அனுப்பும் பிட் நோட்டீஸோடு ஒப்பிட்டால் இது அதிகமாகத்தான் தெரியும். ஆகவே கடைக்காரருக்குத் தலைக்கணக்குச் சொல்லிப் பயனில்லை, அவருடைய கணக்கிலேயே சொல்ல வேண்டும். லிட்டருக்கு நாற்பது ரூபாய் நிற்கிறது என்றால், 150 லிட்டர் கூடுதலாக விற்றால் போட்ட பணம் வந்துவிடும். ஒரு குடும்பம் மாதம் இரண்டு லிட்டர் வாங்கும். ஆறு மாதம் தொடர்ந்து வாங்கும் புதிய குடும்பங்கள் பதின்மூன்று கிடைத்தால் போதும். பார்க்கும் 530 பேரில் நாற்பதுக்கு ஒருவர். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் கடைக்காரர் மனதுக்குள் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. மாதாமாதம் திரும்ப வாங்கும் பொருளுக்குத்தான் இது செல்லும் என்பதையும் கவனிக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை பீரோ வாங்குகிறவர்களை நம்பியிருக்கும் கடைக்கு 530 பேர் மிகக் குறைவு. அங்கே இந்தச் சேனல் போய்க் கேட்காமல் இருப்பதே நேர்மை.

இனி செய்தி. கல்லாவில் நின்றுகொண்டே படித்துவிடும்படி இருக்க வேண்டும். குரல்பதிவு வேண்டாம், கூட்டம் இருக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

“வணக்கம் அண்ணா. நான் ஸ்ரீரங்கத்தில் சமையல் சேனல் நடத்துகிறேன். மூன்று வருடமாக உங்கள் கடையில்தான் கடலெண்ணெய் வாங்குகிறேன். போன வாரம் ஒரு அம்மா ‘பாக்கெட் எண்ணெயை விட ஏன் இவ்வளவு விலை?’ என்று கேட்டார்கள். நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். அந்தப் பதிலையே வீடியோவாக எடுக்கலாம் என்று தோன்றியது. கடலைப் பருப்பைத் தராசில் வைத்து, செக்கில் போட்டு, எத்தனை கிலோவுக்கு ஒரு லிட்டர் எண்ணெய் வருகிறது, எவ்வளவு புண்ணாக்கு நிற்கிறது என்று அளந்து காட்டுவோம். பிறகு அதே எண்ணெயில் என் வீட்டில் தீபாவளி முறுக்கு சுடுவேன். மொத்தம் எட்டு நிமிடம். முதல் மூன்று நிமிடம் உங்கள் கடை.

என் வீடியோவை முதல் மாதம் சுமார் 4,000 பேர் பார்க்கிறார்கள். அதில் ஏறக்குறைய 900 பேர் திருச்சி. பத்தில் ஏழு பேர் பெண்கள். கணக்கை என் போனிலேயே திறந்து காட்டுகிறேன்.

கட்டணம் 6,000 ரூபாய். ஒரு வீடியோவும் ஒரு ஷார்ட்ஸும் இதில் அடங்கும். பாதி முன்பணம். பணம் வாங்கிச் செய்தது என்பதை வீடியோவில் சொல்லிவிடுவேன். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கடைக்கு வரட்டுமா அண்ணா?”

இந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தராசு. ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு விலையைப் பற்றிய பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கடைக்காரர் தினம் பத்து முறை வாயால் சொல்வதை அந்த வீடியோ அவருக்காகச் சொல்லும். ‘உங்கள் கடையைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறேன்’ என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம். கணக்கை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் நேரில் திறந்து காட்டுகிறேன் என்று சொன்னதும் சரி. ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணை மாற்றுவது எளிது என்பது இப்போது கடைக்காரர்களுக்கும் தெரியும்.

கட்டணத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? அவரே ஒரு தொகையை மனதில் வைத்துக்கொள்வார். அது ஆயிரமாகவும் இருக்கலாம், ஐந்து லிட்டர் எண்ணெயாகவும் இருக்கலாம். எழுதிவிட்டால் பேரம் 6,000-லிருந்து தொடங்கும். “நாலாயிரம்னா பண்ணிடலாம்மா” என்று அவர் சொன்னால் விலையை மட்டும் இறக்கக் கூடாது, வேலையையும் சேர்த்து இறக்க வேண்டும். “ஷார்ட்ஸை விட்டுடறேன், கடைப் பகுதி ஒன்றரை நிமிஷம் வரும், 4,500-க்கு முடிச்சிரலாம் அண்ணா” என்று சொல்லலாம். வேலை குறையாமல் விலை மட்டும் குறைந்தால், முதலில் சொன்னது பொய் விலை என்று ஆகிவிடும்.

“எத்தனை பேர் பார்ப்பாங்கன்னு உறுதி தருவியாம்மா?” என்றும் கேட்பார். தர முடியாது. நடு எண்ணைக் காட்டி, முப்பது நாளில் அதில் பாதிகூட வராவிட்டால் இன்னொரு ஷார்ட்ஸ் இலவசம் என்று சொல்வது வரை போகலாம். வீடியோவை வெட்டித் தன் பக்கத்தில் காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டிக்கொள்கிறேன் என்று அவர் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமும் கால வரம்பும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் அவர் முகம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும், வேறொரு எண்ணெய்க் கடை அவரைக் கூப்பிடத் தயங்கும்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. படம் எடுக்கும்போது கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்: “இந்த எண்ணெய் கொழுப்பைக் குறைக்கும்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கம்மா.” சேர்க்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்குப் பொருளை விற்பவர் மட்டுமல்ல, பரிந்துரைப்பவரும் பொறுப்பு. முதல் முறையிலேயே பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும், ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடையும் விதிக்க முடியும். பணம் வாங்கியதை மறைக்கவும் கூடாது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இந்த அறிவிப்பு வீடியோவுக்குள்ளேயே, காதிலும் கண்ணிலும் படும்படி வர வேண்டும். கீழே குறிப்பில் எழுதினால் போதாது. பணமாக வாங்காமல் எண்ணெயாக வாங்கினாலும் இதே விதிதான். யூடியூபில் பதிவேற்றும்போது அதற்கான கட்டத்தில் குறியிட்டால் `Includes paid promotion` என்ற வரி தொடக்கத்தில் சில நொடிகள் தெரியும். அதோடு வாயாலும் ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே செய்தியில் எழுதிவைத்திருப்பதால் கடையில் இதைப் பற்றிச் சங்கடம் வராது.

வியாழக்கிழமை போகும்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாம். ‘வீடியோ பார்த்தேன்’ என்று சொல்லி வருபவர்களுக்கு நூறு மில்லி நல்லெண்ணெய் தர அவர் ஒத்துக்கொண்டால், தேதி, ஏரியா, வாங்கிய லிட்டர் என்று மூன்று கட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். நான்காவதாக ஒரு கட்டம் வேண்டும். முதல் மாதம் அது காலியாகவே இருக்கும். அதே ஆள் இரண்டாம் முறை வந்தால் குறிப்பதற்கு அது.