திமில் இருந்தால் செரிக்குமா?

நாட்டு மாட்டுப் பாலை ஏறக்குறைய இருமடங்கு விலை கொடுத்து வாங்குபவர்களிடம் கேட்டால், "பாக்கெட் பால் குடிச்சா வயிறு உப்புது, இது ஒண்ணும் பண்றதில்லை" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதற்குக் காரணம் மாடா, வயிறா என்பதுதான் கேள்வி.

மாடுதான் காரணம் என்பவர்கள் கைகாட்டுவது பாலின் புரதத்தை. 200 மில்லி பாலில் சுமார் 6.5 கிராம் புரதம். அதில் 2 கிராம் அளவுக்கு பீட்டா கேசின். 209 அமினோ அமிலங்கள் கோத்த மாலை இது. 67-வது மணியில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. ஏ1 செரிக்கும்போது அந்த இடத்தில் மாலை எளிதில் அறுந்து, பிசிஎம்-7 என்ற சிறு துண்டு வெளிவருகிறது. சர்க்கரை நோய், இதய நோய் என்று பல பழிகள் அதன்மேல்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் ஆய்வுகளை அலசி, அதற்கும் நோய்களுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது.

காங்கேயம், உம்பளாச்சேரி போன்ற திமில் மாடுகளில் ஏறக்குறைய எல்லாமே ஏ2. எருமையும் அப்படியே. காங்கேயம் பசுவுக்கு ஜெர்சி சினை ஊசி போட்டுப் பிறந்த கிடாரியை எடுத்துக்கொள்வோம். தாயிடமிருந்து அதற்கு ஏ2 மரபணு வருவது ஏறக்குறைய உறுதி. தந்தையிடமிருந்து ஏ1 வரலாம், ஏ2-வும் வரலாம். ஆக, இப்படிப் பிறக்கும் முதல் தலைமுறைக் கலப்பின மாட்டுப் பாலிலும் பெரும்பாலும் பாதியோ முழுதுமோ ஏ2 இருக்கும். எது என்று மரபணுப் பரிசோதனைதான் சொல்லும், திமில் சொல்லாது.

செரிமானத்தைப் பொறுத்தவரை சின்னச் சான்று உண்டு. சீனாவில் 45 பேரிடம் செய்த ஆய்வில், ஏ2 மட்டுமே உள்ள பால் குடித்தபோது வயிற்றுத் தொந்தரவு குறைந்தது. 2016-ல் வெளியான அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஏ2 பால் விற்கும் நிறுவனம். முடிவு தவறு என்று இதனால் ஆகிவிடாது. நம்பிக்கையைக் கொஞ்சம் அளந்து வைக்கலாம்.

பால் குடித்து வயிறு உப்பும் பெரியவர்களில் பலருக்குச் சிக்கல் புரதத்தில் இல்லை, லாக்டோஸில் இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் பலருக்குக் குறைந்துவிடும். எந்த மாட்டுப் பாலானாலும் ஒரு டம்ளரில் 9 கிராமுக்கு மேல் லாக்டோஸ் உண்டு. தயிர் ஒத்துக்கொண்டு பால் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உறையும்போது லாக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ ஏ2 பாலும் ஆபத்துதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். நாட்டு மாட்டுப் பால், பாக்கெட் பால் இரண்டையும் காய்ச்சி, ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்று காலையில் ஒரே அளவு குடியுங்கள். எது எந்தப் பால் என்பது ஊற்றித் தருபவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். நீங்கள் வயிற்றை மட்டும் குறித்து வையுங்கள்.